காசு வாங்கிப் போடும் மாம்பழப் பதிவு: வெளியிடும் முன் வாசகத்தை எப்படிச் சரிபார்ப்பது

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலர் இப்போது மண்டியை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஐந்து கிலோ பெட்டி கட்டிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் போடுகிறார்கள், அதற்கு ஆள் பிடிக்க உள்ளூரில் ரீல்ஸ் போடுகிறவர் யாருக்காவது காசு கொடுத்து ஒரு பதிவு போடச் சொல்கிறார்கள். அந்தப் பதிவு வெளியே போகும் முன் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். தோட்டக்காரரின் மகனோ, பக்கத்தைக் கவனிக்கும் பையனோ, சின்ன ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்தவரோ, யாராக இருந்தாலும் அந்த வேலை முதல்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. காசு கைமாறியிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெளிவாக, முதலிலேயே தெரிய வேண்டும். அதைச் சொன்ன பிறகும் பழத்தை வாங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், மோதுவது பதிவில் இருக்கும் பொய்யான சில வரிகளோடுதான். அந்த வரிகளை எடுத்துவிட்டால் மீதி வாசகத்துக்கும் அறிவிப்புக்கும் சண்டையே வராது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு தோட்டம். சமையல் ரீல்ஸ் போடும் ஒரு அக்காவிடம் பேசியிருக்கிறார்கள். அவர் அனுப்பிய வாசகம் இது:

"மக்களே, போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கம் போகும்போது தற்செயலா ஒரு மாந்தோப்பு கண்ணில பட்டுச்சு! உள்ளே போய் ஒரு செந்தூரா சாப்பிட்டதும் அப்படியே சின்ன வயசுக்குப் போயிட்டேன். கார்பைடு துளிகூட இல்லை, வைக்கோல்ல பழுக்க வெச்சது. எங்க வீட்டில இனிமே இது மட்டும்தான். மனசு விட்டுச் சொல்ற நேர்மையான ரிவ்யூ இது. 5 கிலோ பெட்டி வீட்டுக்கே வரும், MANGO50ன்னு கோட் போட்டா 50 ரூபாய் தள்ளுபடி. அன்புக்கு நன்றி தோட்டத்து அண்ணா! #மாம்பழம் #கிருஷ்ணகிரி #mangolover #collab #foodie #summer"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலானோர் இதைப் பார்த்துவிட்டு "#collab இருக்கே, போதும்" என்று அனுப்பிவிடுவார்கள். போதாது. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

கொடுக்கல் வாங்கலை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

வாசகத்தைத் தொடும் முன் தோட்டக்காரரிடமும் ரீல்ஸ் போடுகிறவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பதிவால் அவருக்கு என்னென்ன கிடைக்கிறது? தனித்தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு, ஒருவர் கணக்கில் வைக்காததை இன்னொருவர் சொல்வார். நம் உதாரணத்தில் தோட்டக்காரர் "எட்டாயிரம் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்கிறார். அக்காவிடம் கேட்டால் ரெண்டு பெட்டி பழமும் வந்தது, அந்த கோட் போட்டு யாராவது வாங்கினால் பெட்டிக்கு முப்பது ரூபாய் தனக்கு வரும் என்பதும் தெரிகிறது. ஆக மூன்று தொடர்புகள். பணம், இலவசப் பொருள், விற்பனையில் பங்கு.

இந்தியாவில் இதற்கு இரண்டு இடங்களிலிருந்து விதிகள் வருகின்றன. விளம்பரத் துறை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட ஆஸ்கி என்ற கவுன்சில் 2021ஆம் ஆண்டு ஜூன் 14 முதல் இன்ஃப்ளூயன்சர்களுக்கான நெறிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் அரசுத் தரப்பில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதலை வெளியிட்டது, 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை பிரபலங்களுக்கும் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் என்றே தனியாக ஒரு கையேடு கொடுத்தது. இவற்றின்படி பணம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, ஹோட்டலில் தங்கவைப்பது, பயணம், வேலை உறவு, குடும்ப உறவு எல்லாம் சேரும். ஒகேனக்கல்லில் ஒரு ரிசார்ட்டில் ரெண்டு நாள் இலவசமாகத் தங்கிவிட்டுப் போடும் பதிவும் இதே கணக்குத்தான், ஒரு ரூபாய்கூடக் கைமாறாவிட்டாலும்.

குடும்ப உறவு என்பது நம் ஊரில் அடிக்கடி விட்டுப்போகிறது. ரீல்ஸ் போடும் பெண்ணின் சித்தப்பா தோட்டமாக இருக்கும், "காசே வாங்கலையே, எதுக்கு அறிவிப்பு" என்று அவரும் நல்ல மனதோடுதான் கேட்பார். ஆனால் பார்க்கிறவருக்கு அது அவருடைய சித்தப்பா தோட்டம் என்று தெரிந்தால் பாராட்டை வேறு எடை போட்டுத்தான் பார்ப்பார். அந்த எடை மாறுமா என்பதுதான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல். இப்படிப்பட்ட இடத்தில் "இது எங்க சித்தப்பா தோட்டம், அதனால கொஞ்சம் பாசத்தோடதான் சொல்வேன்" என்று தொடங்கினால் விதியும் நிறைவேறும், கேட்கவும் அழகாக இருக்கும்.

தொடர்பே இல்லாமல், சொந்தக் காசில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் தானாகப் போட்ட பதிவுக்கு அறிவிப்பு தேவையில்லை. அதிலும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அது வேறு விதமான பொய்யாகிவிடும்.

அறிவிப்போடு மோதும் வரிகளை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே அறிவிப்பை எங்கே சொருகலாம் என்று தேடுவார்கள். அதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்யுங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு, காசு வாங்கவில்லை என்ற எண்ணத்தைக் கொடுக்கும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். நம் வாசகத்தில் மூன்று வரிகள் மாட்டும்.

"தற்செயலா கண்ணில பட்டுச்சு" என்பது முதல் வரி. தோட்டக்காரர் கூப்பிட்டு, தேதி பேசி, எட்டாயிரம் கொடுத்து நடந்த சந்திப்பு அது. மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் விளம்பரம் என்று போட்டாலும் கீழே இந்த வரி இருந்தால் பார்க்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன்" என்று மாற்றினால் முடிந்தது. கதையும் போகவில்லை, தோட்டத்துக்குள் நடந்துபோன அழகும் போகவில்லை.

"மனசு விட்டுச் சொல்ற நேர்மையான ரிவ்யூ" என்பது இரண்டாவது. ரிவ்யூ என்றால் படிப்பவர் மனதில் தோன்றுவது எந்தப் பக்கமும் சாயாத ஒருவரின் கருத்து. காசு வாங்கிய பதிவில் அந்தச் சொல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேர்மை என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொல்வேன். நேர்மையாக இருக்கிறார் என்பது அவர் சொல்லும் விவரத்திலிருந்து தெரிய வேண்டும், எப்படி என்று கொஞ்ச நேரத்தில் காட்டுகிறேன்.

"அன்புக்கு நன்றி தோட்டத்து அண்ணா" மூன்றாவது. இது பார்க்க அறிவிப்பு மாதிரி இருக்கும், ஆனால் எதையும் அறிவிக்கவில்லை. நன்றி எதற்கு? மோர் கொடுத்ததற்கா, எட்டாயிரம் கொடுத்ததற்கா? படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. நன்றி சொல்வதில் தப்பில்லை, அதை அறிவிப்பின் இடத்தில் வைக்காமல் இருந்தால் சரி.

"எங்க வீட்டில இனிமே இது மட்டும்தான்" என்ற வரியைப் பற்றி அக்காவிடமே கேளுங்கள். 2022 வழிகாட்டுதலின்படி ஒருவர் பரிந்துரைப்பது அவருடைய உண்மையான, இப்போதைய கருத்தாக இருக்க வேண்டும், பொருளைப் பற்றிய போதிய தகவலோ அனுபவமோ அதற்கு ஆதாரமாக இருக்க வேண்டும். அவர் வீட்டில் மல்கோவாவும் வாங்குவார்கள் என்றால் இந்த வரி வேண்டாம்.

கார்பைடு வரி தனிக் கதை. கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்ட ஒன்று, ஆகவே போடவில்லை என்பது சிறப்பு அல்ல, கட்டாயம். அதோடு, அது அக்கா கண்ணால் பார்க்காத விஷயம். தோட்டத்தில் எப்படிப் பழுக்க வைக்கிறார்கள் என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். காயாகத்தான் அனுப்புகிறோம், வாங்குகிறவர் வீட்டில்தான் பழுக்கும் என்றால் வைக்கோலும் பொய்யாகிவிடும். இங்கே ஒன்றை மனதில் வையுங்கள்: விளம்பரம் என்று போட்டுவிட்டதால் பொய்யான தகவல் சரியாகிவிடாது. அறிவிப்பு ஒரு சோதனை, தகவல் வேறு சோதனை.

முதல் வரியை எழுதுவது

இதில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும்.

அறிவிப்பு முதல் இரண்டு வரிக்குள், "more" என்பதைத் தொடாமலே கண்ணில் பட வேண்டும் என்பது ஆஸ்கி நெறிமுறை. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் கலந்து வைக்கக் கூடாது என்று அரசுக் கையேடும் சொல்கிறது. பயோவில் ஒரு தடவை "பதிவுகளில் விளம்பரம் இருக்கும்" என்று எழுதிவைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுவதும் செல்லாது, ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக வேண்டும். நம் உதாரணத்தில் #collab ஆறு டேக்கில் நான்காவதாக, பதிவின் அடியில் கிடக்கிறது. விரலை வைத்து விரித்து, கீழே போய், டேக்குகளைப் படிக்கிறவர்கள் யார்?

மொழியும் பார்க்க வேண்டும். பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும் என்று 2023 கையேடு கேட்கிறது. தமிழ்ப் பதிவுக்கு "விளம்பரம்" என்று தமிழில் போடுங்கள், சின்னக் குழந்தைக்கும் புரியும். ஓசூர், வேப்பனஹள்ளி பக்கத்து ஆட்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசி வீடியோ எடுத்தால் அறிவிப்பையும் அந்த மொழியில் பேசச் சொல்லுங்கள், கீழே தமிழில் வாசகம் இருப்பதால் போதும் என்று விடாதீர்கள்.

இப்போது எழுத்து. தோட்டக்காரர் பயப்படுவது இந்த இடத்தில்தான். "விளம்பரம்னு மொத வரியில போட்டா தள்ளிவிட்டுப் போயிடுவாங்களே தம்பி" என்பார். அவர் பயம் நியாயமானது, ஏனென்றால் அவர் பார்த்த அறிவிப்புகள் எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும்: "இது குறிப்பிட்ட நிறுவனத்துடனான கட்டணக் கூட்டாண்மையின் ஒரு பகுதியாக வெளியிடப்படும் பதிவாகும்." இந்த வரியை யாரும் படிக்க மாட்டார்கள். அக்கா பேசுகிற குரலும் இதில் இல்லை. பதிவைக் கொல்வது இந்த மொழிதான். அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே அறிவிப்பையும் சொல்லச் சொல்லுங்கள்:

"விளம்பரம். காசும் ரெண்டு பெட்டி செந்தூராவும் வாங்கிட்டுத்தான் பேசறேன்."

தமிழ் எழுத்து திரையில் அகலமாக இடம் பிடிக்கும், ஆங்கிலத்துக்குச் சொல்லும் எழுத்துக் கணக்கை நம்ப வேண்டாம். சாதாரணப் பதிவில் இரண்டு வரி அளவு தெரியும், ரீல்ஸ் ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதனால்தான் "விளம்பரம்" என்ற சொல் முதல் சொல்லாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். மீதி அறுபட்டாலும் அது மட்டும் நிற்கும். "மக்களே, வணக்கம்" எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்த வரி என்ன என்பதில்தான் பதிவு பிழைக்கிறது. காசு வாங்கியவர் என்று தெரிந்த உடனே படிப்பவர் மனதில் ஒரு கேள்வி வரும்: அப்போ இவர் நல்லதை மட்டும்தான் சொல்வாரோ? அந்தக் கேள்விக்குப் பதிலாக, பழத்தைப் பற்றிச் சாப்பிட்டுப் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றை, முடிந்தால் ஒரு சின்னக் குறையை, உடனே சொல்ல வேண்டும். பெட்டியில் வரும் பழம் அன்றைக்கே சாப்பிடத் தயாராக இருக்காது என்பது பார்சல் மாம்பழம் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அதை மறைத்தால் பெட்டி திறந்த அன்றைக்கே வாங்கியவர் திட்டுவார், முன்கூட்டியே சொன்னால் அதுவே பதிவின் பலமாகிவிடும். அக்காவிடம் கேட்டபோது இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள்: பெட்டி வந்த அன்று காய் மாதிரி இருந்தது, காகிதத்தில் சுற்றி வைத்தேன், மூன்றாம் நாள்தான் வாசனை வந்தது, ரெண்டு பழம் அடிபட்டிருந்தது, தோட்டத்தில் சொன்னதும் அதற்குப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் வாசகத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. "சின்ன வயசுக்குப் போயிட்டேன்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், மூன்றாம் நாள் காம்புப் பக்கம் வாசனை வந்தது என்பதைப் பெட்டி வாங்கியவர்தான் எழுத முடியும்.

இதையெல்லாம் சேர்த்து அவரையே மாற்றி எழுதச் சொன்னால் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"விளம்பரம். காசும் ரெண்டு பெட்டி செந்தூராவும் வாங்கிட்டுத்தான் பேசறேன். மொதல்லயே சொல்லிடறேன், பெட்டி வந்த அன்னைக்கே சாப்பிட முடியாது! காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டம், கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்தா எல்லாம் காய்வெட்டு. காகிதத்தில சுத்தி வெச்சேன், மூணாம் நாள் காம்புகிட்ட வாசனை வந்துச்சு, அப்புறம் வீட்டில யாரும் பேசலை, சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு பழம் அடிபட்டு வந்துச்சு, போட்டோ அனுப்பினேன், அதுக்குக் காசு திருப்பிக் கொடுத்தாங்க, உங்களுக்கும் அப்படித்தான்னு சொல்லியிருக்காங்க. 5 கிலோ பெட்டி. MANGO50ன்னு கோட் போட்டா உங்களுக்கு 50 ரூபாய் குறையும், பெட்டிக்கு ஒரு சின்னத் தொகை எனக்கும் வரும். #மாம்பழம் #கிருஷ்ணகிரி"

கோட் வரியைக் கவனியுங்கள். விற்பனையில் பங்கு உண்டு என்பது மேலே இல்லை, கோட் இருக்கும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. மேலேயே மூன்று தொடர்பையும் அடுக்கினால் முதல் வரி கனமாகிவிடும். விளம்பரம் என்பதும் பணமும் பொருளும் தலையில், பங்கு விஷயம் வாங்கும் முடிவு எடுக்கும் இடத்தில். எத்தனை ரூபாய் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, எட்டாயிரம், முப்பது என்ற எண்கள் உங்கள் குறிப்பில் மட்டும் இருக்கட்டும். பணம் திருப்பித் தரும் வரிக்குத் தோட்டக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அது அவர் கொடுக்கும் வாக்குறுதி.

வீடியோவிலும் தனியாகச் சொல்ல வேண்டும்

வாசகம் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நம் பக்கம் ரீல்ஸ் பெரும்பாலும் டவுன்லோட் ஆகி வாட்ஸ்அப் குழுவுக்கும் ஸ்டேட்டஸுக்கும் போய்விடும், அங்கே நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வாசகம் கூடவே போகாது. வீடியோவுக்குள்ளேயே அறிவிப்பு இருந்தால் மட்டுமே அது கூடப் போகும்.

வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் இரண்டிலும் சொல்ல வேண்டும் என்பது அரசுக் கையேட்டின் நிலை. எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஆஸ்கி கணக்கு உண்டு: 15 விநாடிக்குக் குறைந்த வீடியோவில் குறைந்தது 3 விநாடி, 15 விநாடி முதல் 2 நிமிடம் வரை என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. அக்காவின் ரீல் 45 விநாடி என்றால் 15 விநாடி. நான் முழு வீடியோவுக்கும் மூலையில் நிற்கட்டும் என்றே சொல்வேன், யாராவது நடுவில் வெட்டி அனுப்பினாலும் இருக்கும்.

எந்த மூலை? கீழ்ப்பக்கம் வைத்தால் பக்கத்தின் பெயரும் வாசகமும் மேலே ஏறி மறைத்துவிடும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் இருக்கும். மேல் பகுதியில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மாம்பழ வீடியோவில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம், மஞ்சள் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது. பழத்தை அறுத்துக் காட்டும் நேரத்தில் அந்த எழுத்து காணாமல் போய்விடும். கறுப்புப் பட்டை மேல் வெள்ளை எழுத்து போதும்.

குரலில் நீளமாக வேண்டாம். "இது விளம்பரம்தான், காசு வாங்கியிருக்கேன், வாங்க பழத்தைப் பார்ப்போம்" என்று பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னால் மூன்று நான்கு விநாடி. பாட்டுச் சத்தத்துக்கு அடியில் முணுமுணுப்பாகப் போகிறதா என்று காதில் ஹெட்செட் இல்லாமல், போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். நேரலை என்றால் நடுவில் வந்து சேர்கிறவர்களும் உண்டு, அதனால் அறிவிப்பு திரையில் தொடர்ந்து நிற்க வேண்டும்.

வீடியோவை எடிட் முடித்துப் பதிவேற்றிய பின் அதற்குள் எழுத்தைச் சேர்க்க முடியாது. வாசகத்தைப் பிறகு திருத்தலாம், வீடியோவைத் திருத்த வேண்டுமென்றால் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும், வந்த பார்வைகள் போய்விடும். அதனால் முதல் வெட்டு தயாரானதுமே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆப்பில் இருக்கும் வசதி

இன்ஸ்டாகிராமில் "Paid partnership" என்று ஒரு லேபிள் இருக்கிறது, பதிவு போடும்போது சேர்க்கலாம், தோட்டத்தின் பக்கத்தையும் அதில் இணைக்கலாம். யூடியூபில் பணம் பெற்ற விளம்பரம் இருக்கிறது என்று டிக் செய்யும் கட்டம் உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் வீடியோ தொடக்கத்தில் சில விநாடிகள் அறிவிப்பு தெரியும். இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் அவை கூடுதல்தான், அவருடைய சொந்த அறிவிப்புக்கு ஈடாகாது. இன்னொன்று, இரண்டு பக்கங்களின் பெயரும் சேர்ந்து வரும் கொலாப் பதிவு வேறு, இந்த லேபிள் வேறு. கொலாப் போட்டால் பதிவு இரண்டு பக்கத்திலும் தெரியும், காசு கைமாறியது என்று அது எங்கேயும் சொல்லாது. இதில் குழம்பாத ஆளை நான் பார்த்தது குறைவு.

திருத்தத்தை எப்படித் திருப்பி அனுப்புவது

முழுவதையும் நீங்களே எழுதி அனுப்பினால் அது உங்கள் குரலாகிவிடும். எது கட்டாயம், எது யோசனை என்று பிரித்து அனுப்புங்கள். நான் இப்படி எழுதுவேன்:

"அக்கா, வாசகம் படிச்சேன், தோப்புக்குள்ளே போய் பழம் சாப்பிடற பகுதி ரொம்ப நல்லா இருக்கு. மூணு மட்டும் கட்டாயம் மாத்தணுங்க. மொத சொல் விளம்பரம்னு வரணும், தற்செயலா பார்த்தேன்ங்கிறதையும் நேர்மையான ரிவ்யூங்கிறதையும் எடுக்கணும், கோட் பக்கத்தில உங்களுக்கும் தொகை வருதுன்னு சொல்லணும். கார்பைடு வரிக்குத் தோட்டத்தில ஆதாரம் கேட்டிருக்கேன், வரலைன்னா எடுத்துடலாம். மீதி எல்லாம் உங்க இஷ்டம்."

அவர் தயங்கினால் சட்டத்தைச் சொல்வதில் தப்பில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 சட்டத்தின்படி ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை போகும். பரிந்துரைத்தவர் ஒரு வருடம் வரை விளம்பரம் செய்யத் தடையும் வரலாம். அபராதம் தோட்டக்காரருக்கும் அக்காவுக்கும் இருவருக்கும் பொருந்தும். ஆனால் பயமுறுத்தித் தொடங்க வேண்டாம், பெரும்பாலும் முதல் வரியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தயங்குவார்கள். ஒரு மாதிரி வரி கொடுத்துவிட்டால் அவர்களே அதைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

வெளியான பிறகு

பதிவு வந்ததும் உங்கள் போனில் பார்த்தால் போதாது, விலை குறைந்த சின்னத் திரை போன் ஒன்றிலும் பாருங்கள். இந்த ஏற்பாடு எதுவும் தெரியாத ஒருவரிடம், வீட்டில் அத்தையோ பக்கத்துக் கடைக்காரரோ, போனைக் கொடுத்து ஐந்து விநாடி கழித்து வாங்கிக்கொண்டு, "இவங்க ஏன் இந்தப் பழத்தைப் பத்திப் பேசறாங்க?" என்று மட்டும் கேளுங்கள். "தோட்டத்துக்காரங்க காசு கொடுத்திருக்காங்க போல" என்றால் அறிவிப்பு வேலை செய்கிறது. "ஏதோ தோட்டத்துக்குப் போயிருக்காங்க" என்றால் எழுத்தின் அளவையோ இடத்தையோ மாற்ற வேண்டும். அதே ஆளிடம் முழுவதையும் காட்டிவிட்டு, வாங்கலாமா என்றும் கேளுங்கள். அவர் நினைவில் நிற்பது மூன்றாம் நாள் வாசனையா, வேறு ஏதாவதா என்று தெரிந்தால் அடுத்த பதிவுக்கு உதவும்.

தோட்டக்காரர் இதையே தன் பக்கத்திலோ ஸ்டேட்டஸிலோ மறுபடி போடுவார், அப்போது வாசகத்தில் முதல் வரியை வெட்டிவிட்டு "பாருங்க, அக்காவே பாராட்டறாங்க" என்று போடுவது நடக்கும். அப்படிப் போட்டால் அறிவிப்பு இல்லாத விளம்பரம் ஆகிவிடும், அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அக்கா ஸ்டோரியில் பகிரும்போதும் ஸ்டோரியின் மேலேயே "விளம்பரம்" என்று ஒட்ட வேண்டும், ஸ்டோரியைத் தொட்டு உள்ளே போகிறவர் குறைவு. அடுத்த சீசனில் அதே வீடியோவைத் திரும்பப் போட்டாலும் இதே கதைதான்.

கருத்துப் பகுதியில் யாராவது "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். அழிக்க வேண்டாம், தொகையும் சொல்ல வேண்டாம். "ஆமாங்க, இது காசு வாங்கின விளம்பரம்தான், மேலே சொல்லியிருக்கேன், பழத்தைப் பத்தி என்ன கேட்கணுமோ கேளுங்க" என்று அக்காவே பதில் எழுதட்டும். அந்தப் பதிலை மேலே பின் செய்து வைத்துவிட்டு, வாசகம், ஒப்புதல் செய்தி, வெளியான பதிவின் ஸ்கிரீன்ஷாட், கொடுத்த பணத்தின் ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தேதி போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்.